நிரல் அறுந்த கணக்கறிக்கை

கற்பிட்டிக் குடாநாட்டில் கடலுக்கும் புத்தளம் களப்புக்கும் இடையே கிடக்கும் மாம்புரியிலும் அதன் சுற்றுப்புறத்திலும், மீன்பிடியும் தோட்டச் செய்கையும் மட்டுமே பிழைப்பாக இருந்த காலம் மாறி, காற்றாலைகளும் நுரைச்சோலை அனல்மின் நிலையமும் இறால் பண்ணைகளும் மாதச் சம்பளக்காரர் பலரை உண்டாக்கிவிட்டன. சம்பளக்காரர் இருக்கும் இடத்தில் ஊழியர் சேமலாப நிதியும் இருக்கிறது. நிதி இருக்கும் இடத்தில் அதன் கணக்கறிக்கையும் இருக்கிறது. ஆனால் அகன்ற தாளில் அச்சான அந்த அறிக்கை, வேலை கொடுப்பவரின் அலுவலகத்திலே சிறிய தாளுக்குப் பிரதியெடுக்கப்பட்டோ, கைத்தொலைபேசியில் படம் பிடிக்கப்பட்டோ ஊழியரின் கைக்கு வந்து சேர்கையில், வலப்புறத்து மாத நிரல்கள் இரண்டு மூன்று அறுபட்டுப் போவதும், எஞ்சியவற்றின் தலைப்பிலே சுருக்கெழுத்துகள் மட்டும் நிற்பதும் வழக்கமாகிவிட்டன. இத்தகைய குறைத்தாளை வைத்துக்கொண்டு இருப்பதைக் கொண்டு இல்லாததை அனுமானிக்கும் பழக்கம் ஊழியரிடையே இருக்கிறது. அந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது, எவ்விடத்தில் நம்மைக் கைவிடும் என்பதே இங்கு ஆராயப்படும் விஷயம்.

முதலில் சுருக்கெழுத்துகளைப் பார்ப்போம். ஊழியரையும் வேலை கொடுப்பவரையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்கி நெடுந்தூரம் ஒன்றாகவே செல்வதால், சம்பளக் கணக்கர்கள் முன்னவரை ‘ஈ.ஈ.’ என்றும் பின்னவரை ‘ஈ.ஆர்.’ என்றும் சுருக்கி எழுதுவது உலக வழக்கம். பிரதியில் கடைசி எழுத்து மங்கிவிட்டால் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஆயினும் இதனால் கலங்க வேண்டியதில்லை. ஏனெனில் எழுத்து சொல்ல மறந்ததை இலக்கம் சொல்லிவிடுகிறது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நடைபெறும் இந்நிதிக்கு இன்று ஊழியர் தம் உழைப்பூதியத்தில் நூற்றுக்கு 8ம், வேலை கொடுப்பவர் நூற்றுக்கு 12ம் செலுத்துகின்றனர். ஆகவே ஒரே மாதத்துக்குரிய இரண்டு தொகைகளில் ஒன்று மற்றதன் ஒன்றரை மடங்காக இருக்குமானால், பெரியது வேலை கொடுப்பவருடையது, சிறியது ஊழியருடையது என்று தயக்கமின்றித் தீர்மானிக்கலாம். இரண்டின் கூட்டுத்தொகையை ஐந்தால் பெருக்கினால் அம்மாதத்துக்கு அறிவிக்கப்பட்ட உழைப்பூதியமும் வெளிவந்துவிடும். சுருக்கெழுத்தின் பொருளை அகராதியில் தேடுவதைவிட அதன் கீழுள்ள எண்களின் உறவிலே தேடுவது மேலானது என்பதே இந்தப் பழக்கத்தின் முதலாவது சிறப்பு.

ஆனால் இந்த உறவு நாட்டுக்கு நாடு மாறும் என்பதை மறந்தவர் ஏமாந்து போவர். இந்தியாவில் இருவரும் பொதுவாக நூற்றுக்கு 12 வீதம் செலுத்தினாலும், வேலை கொடுப்பவரின் பங்கிலிருந்து 8.33 வீதம் ஓய்வூதியத் திட்டத்துக்குப் பிரிந்து போய்விடுவதால், அங்குள்ள கணக்குப் புத்தகத்திலே வேலை கொடுப்பவரின் நிரல் ஊழியரின் நிரலைக் காட்டிலும் சிறியதாகவே காணப்படும். தமிழ்நாட்டிலிருந்து வரும் விளக்கமொன்றைக் கேட்டுவிட்டு, சிறிய தொகை வேலை கொடுப்பவருடையது என்று மாம்புரித் தொழிலாளி முடிவு செய்தால், தம்முடைய 8 வீதத்தை மற்றவருடையதென்றும், மற்றவருடைய 12 வீதத்தைத் தம்முடையதென்றும் தலைகீழாகப் படித்துவிடுவார். சுருக்கெழுத்து ஒன்றாயிருப்பதனால் விதியும் ஒன்றாயிருக்கும் என்று எண்ணுதல் கூடாது.

இனி, அறுபட்ட நிரல்களுக்கு வருவோம். விளக்கத்தின் பொருட்டு, இறால் பண்ணையொன்றில் மாதம் 45,000 ரூபாய் உழைப்பூதியம் பெறும் ஊழியர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவருடைய 8 வீதம் 3,600 ரூபாய். வேலை கொடுப்பவரின் 12 வீதம் 5,400 ரூபாய். மாதமொன்றுக்குக் கணக்கிலே சேரவேண்டியது 9,000 ரூபாய். 2024ஆம் ஆண்டின் முதல் அரையாண்டுக்குரிய அவருடைய தாளில் தொடக்க மீதி 300,000 ரூபாய் என்று இடப்புறத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி, மார்ச் ஆகிய மூன்று நிரல்களிலும் தலா 9,000 ரூபாய் தெளிவாகத் தெரிகிறது. ஏப்ரல், மே, ஜூன் நிரல்களும், அவற்றுக்கப்பால் இருக்கவேண்டிய இறுதி மீதியும் பிரதியெடுத்தபோது போய்விட்டன.

இறுதி மீதி போய்விட்டதே என்று அயர்ந்துவிடாமல், அடுத்த அரையாண்டுக்குரிய தாளை எடுத்து அதன் இடப்புறத்தை நோக்குவது இந்தப் பழக்கத்தில் தேர்ந்தவர்கள் கையாளும் யுக்தி. ஒரு தாளின் இறுதி மீதியே மறுதாளின் தொடக்க மீதியாகும், பிரதியெடுப்பில் வலப்புறம் சேதமாகினும் இடப்புறம் பெரும்பாலும் தப்பிவிடும். அங்கே 345,000 ரூபாய் என்றிருப்பதாகக் கொள்வோம். ஆறு மாதத்தில் கணக்கு 45,000 ரூபாயால் வளர்ந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் மூன்று மாதங்கள் 27,000 ரூபாய். எனவே காணாமற்போன மூன்று நிரல்களிலும் சேர்ந்து இருந்தது 18,000 ரூபாய். இருக்கவேண்டியதோ 27,000 ரூபாய். ஒரு மாதத்துத் தொகை குறைகிறது என்ற அறிவு, அந்த நிரல்களைக் காணாமலே கிடைத்துவிட்டது.

இந்த இடத்தில் வட்டியை இடையிலே புகுத்திக் குழப்பிக்கொள்வோர் உண்டு. நிதியின் வட்டி வீதம் ஆண்டு முடிந்த பின்னரே பிரகடனப்படுத்தப்படுவது. 2023க்கு 13 வீதமும் 2024க்கு 11 வீதமும் அவ்வாறு வந்தவையே. ஆகையால் 2024ன் வட்டியை அவ்வாண்டின் ஜூன் மாதத் தாளிலே தேடுதல் வீண். வட்டி கலந்திருக்கிறதோ என்ற சந்தேகம் எழுமாயின் அதன் பருமனே அதனைக் காட்டிக்கொடுத்துவிடும்: 300,000 ரூபாய்க்கு 11 வீதம் 33,000 ரூபாய், அது 9,000த்தின் மடங்குமன்று, இங்கே நாம் தேடும் 18,000த்துக்கு அண்மையிலுமன்று.

இவ்வளவும் பழக்கத்தின் பலம். பலவீனம் அடுத்த கேள்வியிலே வெளிப்படுகிறது: குறைந்தது எது, எதனால் குறைந்தது? பதினெண்ணாயிரம் என்ற ஒற்றை எண்ணுக்குள் குறைந்தபட்சம் மூன்று வரலாறுகள் ஒளிந்திருக்கக்கூடும். முதலாவது, ஏப்ரல், மே, ஜூன் ஆகியவற்றுள் ஒன்று செலுத்தப்படாமலே போயிருக்கலாம். இரண்டாவது, ஒரு மாதத்துக்குரிய பணத்தை அடுத்த மாத இறுதிக்குள் செலுத்தினால் போதும் என்பதே விதியாதலால், ஜூன் மாதத்துப் பணம் ஜூலையிலே நியாயமாகவே வந்து, மறு அரையாண்டின் கணக்கிலே சேர்ந்திருக்கலாம். மூன்றாவது, மூன்று மாதங்களும் ஒழுங்காகவே வந்து, ஆனால் மாதமொன்றுக்கு 6,000 ரூபாய் வீதமே வந்திருக்கலாம். அதாவது உழைப்பூதியத்தை 45,000 என்று காட்டாமல், வாழ்க்கைச் செலவுப் படியையும் உணவுப் படியையும் நீக்கி 30,000 என்று வேலை கொடுப்பவர் அறிவித்திருக்கலாம். இம்மூன்றும் ஒரே கூட்டுத்தொகையைத் தருகின்றன. மூன்றுக்கும் ஊழியர் எடுக்கவேண்டிய நடவடிக்கையோ வெவ்வேறு. இரண்டாவதற்கு ஒரு நடவடிக்கையும் வேண்டியதில்லை. மூன்றாவதோ மாதந்தோறும் தொடரும் நஷ்டம்.

இவற்றைப் பிரித்தறிய அந்த அறுந்த தாளால் மட்டும் இயலாது. அதற்கு வெளியே சென்று சம்பளத் துண்டைக் கையிலெடுக்க வேண்டும். ஏப்ரல் முதல் ஜூன் வரையுள்ள மூன்று துண்டுகளிலும் 3,600 ரூபாய் கழிக்கப்பட்டிருக்குமானால், உழைப்பூதியம் 45,000 என்பதை வேலை கொடுப்பவரே ஒப்புக்கொண்டவராகிறார்; அதன்மேல் 6,000 ரூபாய் மட்டும் அனுப்பியிருப்பாராயின், ஊழியரிடம் கழித்ததிலேயே ஒரு பகுதியை வைத்துக்கொண்டவராகிறார். கழிக்கப்பட்டது 2,400 ரூபாய் என்றிருந்தால் மூன்றாவது வரலாறே உண்மை. ஆனால் மேலதிக நேரக் கொடுப்பனவு இச்சட்டத்தில் உழைப்பூதியமாகக் கொள்ளப்படுவதில்லையாதலால், மொத்தமாக 58,000 ரூபாய் சம்பளம் பெற்ற மாதத்துக்கும், அதில் மேலதிக நேரம் 13,000 ஆயின், 45,000க்கே கணக்குப் பார்க்க வேண்டும். இதை அறியாமல் குறைந்துவிட்டதென்று முறையிடப் போய் வெறுங்கையோடு திரும்புவோர் பலர். மறுபுறம், வாழ்க்கைச் செலவுப் படியும் உணவுப் படியும் விடுமுறைக்குரிய சம்பளமும் உழைப்பூதியத்தில் அடங்குபவை. அவற்றை விட்டுவிட்டுக் கணக்குப் போடுவதற்கு நியாயமில்லை. இனி இரண்டாவது வரலாற்றைச் சோதிக்க மறுதாளின் மாதத் தொகைகளைக் கூட்டினாலே போதும்: அங்கே ஆறு மாதத்துக்குரிய 54,000க்குப் பதிலாக ஏழு மாதத்துக்குரிய 63,000 இருந்தால் ஜூன் பணம் வழியிலே தாமதித்து வந்து சேர்ந்தது என்று அமைதி கொள்ளலாம்.

இத்தனை சோதனைக்குப் பின்னும் கணக்கறிக்கையின் பெருங்குறை ஒன்று எஞ்சுகிறது. அது வந்த பணத்தைச் சொல்கிறதேயன்றி வரவேண்டிய பணத்தைச் சொல்வதில்லை. ஆகையால் ஒரு நிரலும் அறுபடாத முழுத்தாளிலே கூட்டல் கழித்தல் அனைத்தும் பிழையின்றிப் பொருந்தியிருக்க, ஒரு மாதம் முழுவதும் வராமலே இருந்திருக்கலாம். கணக்குப் பொருந்துவதைக் கண்டு மனம் நிறைந்துவிடுபவர் அந்த மாதத்தை என்றைக்கும் தேடமாட்டார். வெற்றிடத்தின் காரணத்தையும் தாள் கூறுவதில்லை: பணமே செலுத்தப்படாமல் இருந்தாலும், பணம் செலுத்தப்பட்டு, யார் யாருக்கு எவ்வளவு என்று காட்டும் ‘சி’ படிவத்தின் விபரம் பிழைத்துப்போய் உரியவரின் பெயரிலே சேர்க்க முடியாமல் நின்றாலும், ஊழியருக்குத் தெரிவது ஒரே வெறுமைதான். வேலை மாறும்போது புது வேலை கொடுப்பவரிடம் புது அங்கத்துவ இலக்கம் கிடைப்பதனால், பண்ணைக்குப் பண்ணை மாறியவரின் பணம் வேறொரு கணக்கிலே இருப்பதும் உண்டு. எனவே அறுந்த தாளிலே எதைக் காக்கத் தவறினாலும் மேல் மூலையிலுள்ள வேலை கொடுப்பவரின் இலக்கத்தையும் அங்கத்துவ இலக்கத்தையும் காக்க வேண்டும்.

ஆக, அனுமானக் கணக்கு குறை உண்டா என்ற கேள்விக்கு விடை தரும் தகுதி பெற்றது; குறை எவருடையது என்ற கேள்விக்கு விடை தரும் தகுதி அதற்கில்லை. அதனைச் சாட்சியாக நிறுத்தாமல் வழிகாட்டியாக மட்டும் கொள்வதே முறை. நிதியின் பணத்தைக் காப்பதும் கணக்கு வைப்பதும் இலங்கை மத்திய வங்கியின் பொறுப்பு. செலுத்தத் தவறியவரிடம் அறவிடுவது தொழில் திணைக்களத்தின் பொறுப்பு. தாமதத்துக்கு ஏற்ப நூற்றுக்கு 5 முதல் 50 வரை மேலதிகக் கட்டணம் விதிக்கவும் இடமுண்டு. நமது உதாரண ஊழியர் தொழில் அலுவலகத்துக்குச் செல்லும்போது, தாம் கணக்கிட்டுப் பெற்ற 18,000 என்ற விடையை மட்டும் கொண்டு செல்வதிற் பயனில்லை. இரண்டு இலக்கங்களையும், ஏப்ரல் முதல் ஜூன் வரையுள்ள மூன்று சம்பளத் துண்டுகளையும், மத்திய வங்கியிடம் கேட்டுப் பெற்ற முழுத்தாளையும் கொண்டு செல்லவேண்டும். அம்முழுத்தாளைக் கேட்கத் தூண்டியது அறுந்த தாளின் கணக்கே என்ற அளவில் அதற்குரிய மதிப்பு குறையவில்லை.