வாலில் வைத்த தீ

மட்டக்களப்பு நகரை அடுத்த அமிர்தகழியில் மாமாங்கேஸ்வரர் கோயில் இருக்கிறது. ஆடி அமாவாசையன்று அதன் தீர்த்தக்குளத்தில் பெருங்கூட்டம் நீராடும். இலங்கையை எரித்த அனுமன் தன் வால்நெருப்பை அணைத்தது இந்தக் குளத்தில்தான் என்பது ஊர்வழக்கு. வால்மீகி சொல்வதோ கடல். வாவிக்கரைச் சனம் அந்தக் கதையைத் தங்கள் தண்ணீருக்கே அழைத்து வந்துவிட்டது.

அனுமனை வீரனாகவும் பக்தனாகவும் கேட்டுப் பழகியிருக்கிறோம். அவன் பிடிபடும் இடத்தை மட்டும் ஒரு தந்திரக்காரனின் கதையாகக் கேட்டுப் பாருங்கள்.

முதலில், அவன் எங்கே சும்மா இருக்கிறான் என்று கவனியுங்கள். இந்திரசித்து அவனைப் பிரம்மாஸ்திரத்தால் கட்டுகிறான். விவரம் தெரியாத அரக்கர் மேலே கயிற்றாலும் கட்டுகிறார்கள். வேறு கட்டு விழுந்தால் அஸ்திரக்கட்டு தானாக நீங்கிவிடும். இந்திரசித்து அதைக் கண்டு கலங்குகிறான். அனுமனோ திமிறவில்லை. இராவணனை நேரில் பார்க்க வேண்டும் என்பதால் அடியையும் இழுப்பையும் பொறுத்துக்கொண்டு போகிறான்.

அடுத்து, தண்டனையை யார் தீர்மானிக்கிறார்கள் என்று பாருங்கள். கொல்லச் சொல்கிறான் இராவணன். தூதனைக் கொல்வது முறையல்ல, வேறு தண்டனை கொடுக்கலாம் என்கிறான் விபீடணன். குரங்குக்கு வால்தானே அழகு, அதைக் கொளுத்துங்கள் என்று ஆணை பிறக்கிறது. துணி அரண்மனையுடையது, எண்ணெய் அரண்மனையுடையது, கொளுத்தியதும் அவர்களே. ஊர் முழுக்க அவனை இழுத்துக் காட்டுகிறார்கள். இரவில் சரியாகப் பார்க்க முடியாத கோட்டைக் காவலை அவன் பகலில் பார்த்துக்கொள்கிறான். பிறகு உடலைச் சுருக்கிக் கட்டிலிருந்து நழுவுகிறான். தண்டனை குறைவில்லாமல் நிறைவேறியது. கொடுத்தவனின் ஊர்தான் எரிந்தது. இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுவே.

அத்தோடு கேட்பதை நிறுத்திவிடாதீர்கள். வால்தீயை அணைத்த பிறகு, சீதையும் எரிந்திருப்பாளோ என்று அனுமன் நடுங்கிப்போகிறான். வெளியார் கொடுத்த தண்டனை அவனைத் தொடவில்லை, தன் செயல் பற்றிய பயம் தொட்டுவிட்டது. கதை சொல்பவர்கள் பலர் இதை அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு.

எல்லாத் தந்திரக்காரரும் தப்புவதில்லை. பஞ்சதந்திரத்தில் சாயத்தொட்டியில் விழுந்து நீலமான நரி, அந்த நிறத்தைக் காட்டிக் காட்டுக்கே அரசனாகிறது, தன் இனத்து நரிகளை விரட்டுகிறது. ஒருநாள் நரிகளின் ஊளை கேட்டுத் தானும் ஊளையிட, அடங்கியிருந்த மிருகங்களே அதைக் கொன்றுவிடுகின்றன. கட்டுண்டவன் செய்யும் தந்திரத்துக்குக் கதை வழிவிடுகிறது. அரியணையில் இருப்பவன் அதையே செய்தால் விடுவதில்லை.

அடுத்த ஆடி அமாவாசைக்கு மாமாங்கம் போனால், குளக்கரையில் இருக்கும் முதியவர் ஒருவரிடம் வால் அணைந்த கதையை அவர் வாயாலேயே சொல்லக் கேளுங்கள்.