உறுமியிடம் சினிமா வாங்கியதும் விட்டதும்

சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலில் புறப்பட்டு டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலில் முடியும் தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியம் வாசிக்க 1973இல் தடை வந்தது. குழுக்களுக்கிடையே மூண்ட கைகலப்புகள் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. 2016இல்தான் பாதையின் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட 42 ஆண்டுகளிலும் கோயில் வளாகத்துக்குள் மேளம் ஓயவில்லை. ஆனால் காவடி எடுத்தவரின் காலுக்கு முன்னால், தெருவில், அவருடைய மூச்சைப் பார்த்துக்கொண்டே வாசிக்கும் மேளத்துக்குச் சிங்கப்பூரில் இடமில்லாமல் போனது.

அதே காலத்தில்தான் தமிழ்த் திரையிசை கிராமத்துத் தோல்வாத்தியங்களைத் தன் மையத்துக்குக் கொண்டுவந்தது. 1976இல் வெளியான ‘அன்னக்கிளி’ தொடங்கி 1980கள் முழுவதும் தவில், பம்பை, உறுமி, பறை ஆகியவற்றின் ஓசை கேசட்டாகவும் பின்னர் குறுந்தட்டாகவும் தேக்கா கடைகளுக்கு வந்து இறங்கியது. தெருவில் வாசிக்க முடியாத ஒன்று ஒலிபெருக்கியில் நாள் முழுவதும் ஒலித்தது. அந்த ஆண்டுகளில் வளர்ந்த சிங்கப்பூர்த் தமிழ்ப் பிள்ளைகள் பலர், கிராமத்து மேளத்தை ஊர்வலத்தில் கேட்டதைவிடத் திரைப்பாட்டில் கேட்டதே அதிகமாக இருந்திருக்கும். சினிமா அவர்களுக்கு எதைக் கொடுத்தது, எதைக் கொடுக்காமல் விட்டது என்ற கேள்விக்கு மற்ற ஊர்களைவிட இங்கே கூடுதல் கனம் உண்டு.

உறுமியிலிருந்து தொடங்கலாம். இடை சிறுத்த இந்த மேளத்துக்கு இரண்டு முகம். ஒரு முகத்தை மெல்லிய குச்சியால் தட்டுவார்கள். மற்றொன்றை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்ப்பார்கள். தேய்க்கும்போது எழும் நீண்ட உறுமல்தான் இந்த வாத்தியத்தின் உயிர். அழுத்தம் கூடினால் சுருதி ஏறும், தளர்ந்தால் இறங்கும். நல்ல வாசிப்பில் ஒரு உறுமல் போல இன்னொன்று இருக்காது. சாமி வரவேண்டிய இடத்தில் அது நீளும், அலகு குத்தும்போது இறுகும், நடை தளர்ந்த பக்தரைத் தூக்கிவிட வேண்டுமானால் குறுகிக் குறுகி விரையும்.

இந்த மேளங்கள் பெரிதும் ஓடுவது ஆறு எண்ணிக்கை கொண்ட நடையில். தெம்மாங்கும் கும்மியும் இதே துள்ளலில்தான் வரும். அந்த ஆறை இரண்டு மூன்றாகவும் கேட்கலாம், மூன்று இரண்டாகவும் கேட்கலாம். பம்பை ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டிருக்க, தவில் மற்றக் கணக்குக்குத் தாவி, கேட்பவரின் காலை ஒரு நொடி தடுமாறவைத்துவிட்டுத் திரும்பி வரும். ஆட்டக்காரருக்கு உற்சாகம் கிளம்புவது அந்தத் தடுமாற்றத்தில்தான். இன்னொன்றும் உண்டு: வேகம் நிலையாக இருக்காது. மெதுவாகத் தொடங்கும் அடி, ஆடுபவரைப் பார்த்துப் பார்த்து ஏறி, உச்சத்தில் வெட்டி, மறுபடி கீழிருந்து தொடங்கும்.

இவற்றில் திரையிசை எதை வாங்கிக்கொண்டது? ஓசையின் நிறத்தையும் அந்த ஆறின் துள்ளலையும் முழு மனதோடு வாங்கிக்கொண்டது. இதைச் சிறிய காரியமாக எண்ணக் கூடாது. 1968இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ தவிலையும் நாதஸ்வரத்தையும் சிம்மாசனத்தில் வைத்த படம். ஆனால் அது கோயில் பெரிய மேளத்தின், கச்சேரி மரபின் சிம்மாசனம். கிராமத்து ஆட்டத்தின் பங்கு அந்தப் படத்தில் ஜில் ஜில் ரமாமணியின் கலகலப்போடு ஒதுங்கி நின்றது. கே. வி. மகாதேவனின் இசை இரண்டுக்கும் நியாயம் செய்தாலும், எது உயர்ந்தது என்பதில் கதைக்குச் சந்தேகமே இல்லை.

21 ஆண்டுகள் கழித்து 1989இல் கங்கை அமரனின் ‘கரகாட்டக்காரன்’ அந்த வரிசையைக் கலைத்தது. இங்கே நாயகன் முத்தையன் கரகாட்டக் குழுவின் தலைவன். கரகத்துக்கு வாசிப்பது நையாண்டி மேளம்: நாதஸ்வரம், தவில், பம்பை, தமுக்கு, கைத்தாளம். இளையராஜா இந்த மேளத்தைப் பாட்டுக்கு ஊறுகாயாகத் தொட்டுக்கொள்ளவில்லை. கரகப் பாடல்களில் நாதஸ்வரமும் தவிலும் முன்னால் நடக்க, வயலின்களும் பேஸ் கிட்டாரும் அவற்றின் நடைக்கு ஏற்பத் தங்களை ஒழுங்குபடுத்திக்கொள்கின்றன. சென்னையின் பெரிய வாத்தியக் குழு ஒன்று கிராமத்து மேளத்தின் கணக்குக்குக் கட்டுப்பட்டு வாசித்தது. திரையிசைக்கும் நாட்டுப்புற மேளத்துக்கும் இடையே நடந்த கொடுக்கல் வாங்கலில் மிகவும் நேர்மையான தருணங்களில் இது ஒன்று.

ஆனால் அதே படத்தில் தவில் யார் கையில் இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். தவில் வாசிப்பவராக வருபவர் கவுண்டமணி, நாதஸ்வரத்தோடு வருபவர் செந்தில். அவர்களுடைய நகைச்சுவைக் காட்சிகள் காலத்தால் அழியாதவை, அதில் மறுப்பில்லை. என்றாலும், ஆடுபவனுக்கு வீரமும் காதலும் கொடுத்த கதை, அடிப்பவனுக்கு அடிதடிச் சிரிப்பையும் வாழைப்பழத்தையும்தான் கொடுத்தது. மேளம் மேலே வந்தது. மேளக்காரர் மேலே வரவில்லை.

அதற்கு முன்பே, 1986இல் ‘புன்னகை மன்னன்’ காலத்தில் சீக்வென்சர் தமிழ்ப் பதிவறைக்குள் வந்துவிட்டிருந்தது. 1992இன் ‘ரோஜா’வுக்குப் பிறகு தாளத்தைக் கணினியில் கட்டி, அதன் மேல் ஒவ்வொரு வாத்தியமாகப் பதிவது வழக்கமானது. அதற்கு முன், ஒரே கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்து ஒரே டேக்கில் வாசித்தபோது, தாளக்காரர் லேசாக முந்தினால் மற்றவர்களும் கூடவே முந்துவார்கள். புதிய முறையில் மேளக்காரர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, மாறாத கிளிக் ஓசைக்கு வாசிக்கிறார். எதிரில் ஆடுபவர் யாரும் இல்லை. முதல் விநாடியில் என்ன வேகமோ, நான்காவது நிமிடத்திலும் அதே வேகம். மேளத்தின் ஓசை இதில் துல்லியமாகப் பதிவாகிறது, முன்பைவிடக் கனமாகவும் கேட்கிறது. ஏற்ற இறக்கம் மட்டும் பதிவறை வாசலிலேயே நின்றுவிடுகிறது.

அடுத்த கட்டத்தில் மேளக்காரரே தேவைப்படாமல் போனார். ஒருமுறை பதிந்த உறுமலை, பறையின் ஒரு அடியைக் கணினியில் சேமித்து, வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்ளலாம். இதைக் காதால் கண்டுபிடிக்கப் பயிற்சி எதுவும் வேண்டாம். பாட்டில் வரும் உறுமல்களைத் தொடர்ந்து கவனித்தால் போதும். எல்லாம் ஒரே சுருதியில் தொடங்கி ஒரே இடத்தில் முடிந்தால் அங்கே வாசித்தது கையல்ல. பறையிலும் அப்படியே. தீயில் காய்ச்சிய தோலின் குரல், ஆற ஆறச் சற்றே இறங்கும். கணினிப் பறை எப்போதும் அப்போதுதான் காய்ச்சியது போலவே இருக்கும்.

‘குத்து’ என்று இன்று ஒற்றைச் சொல்லில் அடக்கப்படும் பாடல்களின் குறை இங்கேதான் இருக்கிறது. சாவுக்கு ஓர் அடி, கல்யாணத்துக்கு ஓர் அடி, சாமியாட்டத்துக்கு வேறோர் அடி என்று பறைக்குத் தனித்தனி அடிகள் உண்டு. திரைப்பாட்டு இவற்றில் மிக உரத்ததை எடுத்து, அதன் உச்சத்திலேயே தொடங்கி, உச்சத்திலேயே நிறுத்துகிறது. ‘மாஸ்டர்’ படத்தின் ‘வாத்தி கம்மிங்’ திறமையாகக் கட்டப்பட்ட பாடல். பறையின் கூர்மையை அனிருத் நன்கு அறிந்து பயன்படுத்தியிருக்கிறார். ஆனாலும் அது முதல் அடியிலேயே சேரவேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிடுகிறது. ஏறி வருவதற்கு அதில் படியே இல்லை.

சிங்கப்பூரில் இந்தக் குறை சுற்றிவந்து மேளத்தையே தொடுகிறது. இங்கும் மலேசியாவிலும் உறுமி மேளக் குழுக்களில் சேரும் இளைஞர்கள் பலருக்குக் காதில் முதலில் விழுந்த இலக்கணம் திரைப்பாட்டுதான். அவர்கள் உறுமியிலும் தவிலிலும் பம்பையிலும் அந்தப் பாட்டுகளின் அடியைத் திரும்ப வாசிக்கிறார்கள். மேளத்திலிருந்து சினிமாவுக்குப் போனது, கிளிக் ஓசையால் நேராக்கப்பட்டு, மேளத்துக்கே திரும்பி வருகிறது. ஊர்வலத்தில் சினிமா மெட்டு வாசிப்பதற்குச் சிங்கப்பூரிலும் பத்துமலையிலும் எழும் எதிர்ப்பு பெரும்பாலும் பக்தியின் பெயரில் எழுகிறது. அந்த எதிர்ப்பு குறி தவறியது. மெட்டு எங்கிருந்து வந்தது என்பதல்ல சிக்கல். கந்தனைப் பாடும் மெட்டுகள் பல நூற்றாண்டுகளாக வேறு பாட்டுகளிலிருந்தே வந்திருக்கின்றன. பாட்டின் வேகத்தைப் பிடித்துக்கொண்ட குழு, காவடி எடுத்தவரின் காலைப் பார்க்க மறப்பதுதான் சிக்கல்.

இதற்கு இளைஞர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரு தலைமுறைக்கும் மேலாகத் தெரு மூடியிருந்தது. கேட்டுக் கேட்டுப் படியவேண்டிய கலைக்கு அது நீண்ட இடைவெளி. 2015இல் தடையை எதிர்த்து மூவர் உயர் நீதிமன்றம் வரை போனார்கள்; மனு தள்ளுபடியானது. மறு ஆண்டே மூன்று இடங்கள் திறந்தன. ஆனால் ஓரிடத்தில் நின்று வாசிக்கும் மேளம் கடந்துபோகும் காவடிக்கு வரவேற்பு கொடுக்கலாமே தவிர, அதனோடு கூட நடந்து வேகத்தை ஏற்றி இறக்க முடியாது. ஆண்டு முழுவதும் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் ஊரில் தோல் சீக்கிரம் தொய்வதும், அதனால் பிளாஸ்டிக் பரப்புக் கொண்ட கருவியைச் சிலர் நாடுவதும் இதோடு சேர்ந்துகொள்கின்றன. பிளாஸ்டிக்கின் கீச்சென்ற, மாறாத குரல் கணினிப் பறையின் குரலுக்கு நெருக்கமானது.

நாட்டுப்புறப் பாடகர்களைச் சினிமா பெயர் சொல்லி அறிமுகப்படுத்தியது. ‘ஆண் பாவம்’ படத்தில் கொல்லங்குடி கருப்பாயி, ‘தூள்’ படத்தில் பரவை முனியம்மா, ‘நாக்க முக்க’ பாடிய சின்னப்பொண்ணு ஆகியோரைச் சிங்கப்பூர் ரசிகரும் அறிவார். அந்தப் பாட்டுகளில் மேளம் அடித்தவர்களின் பெயரை எத்தனை பேரால் சொல்ல முடியும்? பறை சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட வாத்தியம் என்பதால் இந்தப் பெயரின்மை வெறும் மறதியாகத் தெரியவில்லை. 2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. தமிழ்த் திரைக்கு அவ்வளவு ஓசையைத் தந்த கருவிக்கு இந்த அங்கீகாரம் இவ்வளவு தாமதமாக வந்தது வருத்தத்துக்குரியது.

அண்மைய படங்களில் ‘கர்ணன்’ வேறு வழியைக் காட்டுகிறது. ‘கண்டா வரச் சொல்லுங்க’ பாட்டில் சந்தோஷ் நாராயணன் கிடாக்குழி மாரியம்மாளின் குரலுக்குப் பக்கத்தில் பறையை வைத்திருக்கிறார். அங்கே பறை ஆட்டத்துக்காக அடிக்கப்படவில்லை. அழைக்கிறது, துக்கப்படுகிறது, கோபப்படுகிறது. ஒரே வாத்தியத்துக்குப் பல மனநிலை உண்டு என்பதை அந்தப் பாட்டு நினைவில் வைத்திருக்கிறது.

வேகத்தைப் பொறுத்தவரை, தொழில்நுட்பத்தை இனிச் சாக்காகச் சொல்ல முடியாது. மேளக்குழுவை முதலில் கிளிக் இல்லாமல் அதன் போக்கில் வாசிக்கவிட்டுப் பதிந்துகொண்டு, அந்த ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பக் கணினியின் கட்டங்களை வளைத்து, மற்ற வாத்தியங்களை அதன் மேல் வைக்க இன்றைய பதிவு மென்பொருள்கள் இடம் கொடுக்கின்றன. இதற்குக் கூடுதலாக ஒரு நாள் பதிவறை வாடகையும், எதிரே நின்று ஆட ஒரு கரகாட்டக்காரரும் வேண்டும். சிங்கப்பூரின் உறுமிக் குழுக்கள் தங்கள் சொந்தப் பாடல்களைப் பதியும்போது இந்த முறையைத் தொடங்கலாம். அவர்கள் சென்னைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.