பாக்கின் சி மேஜர் இன்வென்ஷன்: ஒரு சுரத்தொடரின் வளர்ச்சி

யோகான் செபாஸ்தியன் பாக் 1723-இல் தொகுத்த இரு குரல் இன்வென்ஷன்களில் முதலாவது, 22 கட்டங்களே கொண்ட சிறு விசைப்பலகைப் படைப்பாகும். நல்ல கருத்தை அடைவதோடு நில்லாமல் அதை வளர்க்கவும் மாணவர் கற்க வேண்டும் என்பதைத் தொகுப்பின் முகப்பிலேயே பாக் குறிப்பிட்டார்.

இதன் கருவான சுரத்தொடரை, சி சுரத்தை ஆதார சட்ஜமாகக் கொண்டு, சங்கராபரணச் சுரங்களில் ச ரி க ம ரி க ச என எழுதலாம். முடிவில் அது பஞ்சமத்திற்குத் தாவுகிறது. சிறு மௌனத்திற்குப் பின் தொடங்குவதால், அது எங்கே வந்தாலும் காது எளிதில் அடையாளம் காண்கிறது. வலது கை வாசித்ததை இடது கை ஒரு ஸ்தாயி கீழே திருப்பிச் சொல்கிறது. இரண்டாம் கட்டத்தில் அதே தொடர் பஞ்சமத்திலிருந்து தொடங்குகிறது.

மூன்றாம் கட்டத்தில் தொடர் தலைகீழாகிறது. தலைகீழாக்குதல் என்பதைப் பின்னிருந்து வாசிப்பதாகச் சிலர் கொள்வதுண்டு, அது வேறு. இங்கு ஏறிய இடத்தில் இறங்க வேண்டும், இறங்கிய இடத்தில் ஏற வேண்டும். பாக் தைவதத்தில் தொடங்கி த ப ம க ப ம த என எழுதுகிறார். தைவதத்தைத் தேர்ந்தது தற்செயலாகத் தோன்றவில்லை. ச ரி க ம என்னும் ஏற்றத்தில் இரண்டு அகன்ற இடைவெளிகளும் ஒரு குறுகிய இடைவெளியும் உள்ளன. த ப ம க என்னும் இறக்கத்திலும் அதே வரிசைதான். அதனால் பிம்பம் பிசகின்றி அமைகிறது.

அடுத்து அந்தத் தலைகீழ் வடிவம் மத்யமம், ரிஷபம், நிஷாதம் என இவ்விரண்டு சுரம் கீழிறங்கி மேலும் மூன்று முறை வருகிறது. மத்யமத்தில் தொடங்கும்போது குறுகிய இடைவெளி முதலிலேயே வந்துவிடுகிறது. ரிஷபத்தில் அது நடுவில் விழுகிறது. இவ்விரண்டும் துல்லியமான பிம்பங்கள் அல்ல. திசையும் தாளமும் மாறாததால் கேட்பவர் அதைக் குறையாக உணர்வதில்லை. நிஷாதத்தில் தொடங்கும் நான்காம் முறையில் பாக் பிரதி மத்யமத்தைக் கொண்டுவருகிறார். நி த ப ம என்னும் இறக்கம் மீண்டும் துல்லியமாகிறது. கூடவே, முதல் பகுதி சென்று முடியவேண்டிய பஞ்சமச் சுருதிக்கும் வழி திறக்கிறது. ஒரே சுரம் இரு வேலைகளைச் செய்வது இப்படைப்பின் மிகச் சிறந்த இடம் எனலாம்.

நான்கு முறை ஒரே இறக்கம் என்பது சலிப்பூட்டக்கூடியதே. இங்கு அது சலிக்காததற்கு இரு காரணங்கள் உண்டு. முதல் வடிவின் இறுதித் தாவல் நீக்கப்பட்டுள்ளதால் ஒவ்வொரு முறையும் நிற்காமல் அடுத்ததில் வழுக்கி இணைகிறது. இடது கையோ கருவின் முதல் நான்கு சுர ஏற்றத்தை இரட்டிப்பு நீளத்தில் எதிர்த்திசையில் நிகழ்த்துகிறது. வலது கையின் வேகத்தில் மட்டும் கவனம் வைத்து வாசிப்பவரிடம் இந்த ஏற்றம் வெறும் பக்கவாத்தியம் போல அமுங்கிப்போகும்.

ஏழாம் கட்டத்தில் இரண்டாம் பகுதியை இடது கை தொடங்குகிறது. மூன்றாம் பகுதியில் ஒரு குரல் நீண்ட சுரத்தில் நிற்க, மற்றது பேசுகிறது. 19, 20-ஆம் கட்டங்களில் கரு நிமிர்ந்த வடிவிலேயே படிப்படியாக மேலேறுகிறது. 3, 4-ஆம் கட்டங்களின் இறக்கத்திற்கு அதுவே மறுபக்கம்.