நெகட்டிவில் பென்சில் பிடித்தவர்கள்

கேமரா ஸ்டுடியோவை விட்டுத் தெருவுக்கு வந்த பிறகுதான் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் புகைப்படம் கலையானது என்று ஒரு பேச்சு இப்போது எடுபடுகிறது. புதுச்சேரி முதலியார்பேட்டை வீட்டுக் கூடங்களில் தொங்கும் பழைய கல்யாணப் படங்கள் எல்லாம் இயந்திரத்தின் வேலை, பிழைப்புக்கான தொழில் என்று இதற்குப் பொருள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

சண்டை பழையது. 1859இல் பிரெஞ்சுக் கவிஞர் போதலேர் புகைப்படத்தைக் கலையின் வேலைக்காரியாக இருக்கச் சொன்னார். 1862இல் மேயர்–பியர்சன் ஸ்டுடியோ தொடுத்த வழக்கில் பிரெஞ்சு நீதிமன்றம் புகைப்படமும் கலைப்படைப்பு ஆகலாம் என்றது. ஆங்க்ர் முதலான ஓவியர்கள் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். புதுச்சேரி அன்று அதே பிரான்சின் கையில் இருந்தது. இங்கே சென்னை அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரையையும் தஞ்சையையும் எடுத்தார். அக்கால நெகட்டிவில் வானம் கறுத்து, பிரதியில் வெறும் வெள்ளையாகிவிடும். அவர் நெகட்டிவின்மேல் சாயம் தொட்டு மேகம் வரைந்தார். 'கையே படாத படம்' என்ற வாதம் அங்கேயே உடைகிறது.

ஆனால் கை நிறைவாக வேலை செய்தது ஸ்டுடியோவில்தான். பழைய கண்ணாடித் தகடு சிவப்பையும் மஞ்சளையும் சரியாக வாங்காது. அதனால் மாநிற முகம் உள்ளதைவிடக் கறுத்துவிடும். பரு, தழும்பு கரும்புள்ளியாக நிற்கும். நெகட்டிவில் அந்த இடங்கள் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். டச்சிங் செய்பவர் மருந்துப் பக்கத்தில் பிசின் கலந்த திரவத்தை மெல்லத் தடவி, பென்சில் பிடிக்கும் சொரசொரப்பை உண்டாக்குவார். பின்னாலிருந்து வெளிச்சம் வர, ஊசிபோல் சீவிய பென்சிலால் அந்தத் தெளிவான புள்ளிகளை மட்டும் நுண்கோடுகளால் அடைப்பார். அங்கே ஒளி குறைவாக இறங்குவதால் பிரதியில் அந்த இடம் வெளுக்கும். கன்ன எலும்பின் நிழலையும் சேர்த்து அடைத்துவிட்டால் முகம் பொம்மையாகிவிடும். எங்கே நிறுத்துவது என்பதுதான் கலை. உருப்பெருக்கியில் பழைய பிரதியைப் பாருங்கள்: தோலின் துளைகள் மறைந்து, கோடுகளின் பின்னல் தெரிந்தால் அது அவர் கை.

அந்தக் கை எப்போதும் நல்லதே செய்யவில்லை. தழும்பை மறைத்த பென்சில் நிறத்தையும் வெளுக்க வைத்தது. மணமகளின் சொந்த முகம் அங்கே தோற்றது. இதையும் ஒருவரின் தேர்வாக வைத்தே விமர்சிக்க முடியும், இயந்திரத்தின் தவறாக அல்ல.

35 மி.மீ. பிலிம் வந்ததும் நெகட்டிவ் 24க்கு 36 மில்லிமீட்டராகச் சுருங்கியது. அதில் ஒரு முகம் பயறளவு. பென்சில் நுழைய இடமில்லை. தெருப் புகைப்படத்துக்கு விடுதலை தந்த அதே சிறிய பிலிம்தான் டச்சிங்கை முடித்து வைத்தது. இந்த இழப்பைப் புதிய வரலாறுகள் பேசுவதே இல்லை.

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழ்நாட்டு, புதுச்சேரி ஸ்டுடியோ படங்களைத் தேடி எண்மமாக்கியது பெரிய வேலை. அவற்றை நகை, சாதி, குடும்பம் பற்றிய சான்றாகப் படிப்பதோடு நிற்கக் கூடாது. பிரதியோடு நெகட்டிவையும் வைத்து, ஒளி எந்தப் பக்கம், பென்சில் எங்கே தொட்டது, எங்கே தொடாமல் விட்டது என்று ஒவ்வொன்றுக்கும் எழுத வேண்டும். அட்டையின் முத்திரையில் ஸ்டுடியோவின் பெயர்தான் இருக்கும். டச்சிங் செய்தவரை அந்தக் கோடுகளை வைத்துத்தான் அடையாளம் காண முடியும்.