முந்தைய ஆண்டின் கடிதத்தையும் சேர்த்துப் படியுங்கள்

ஈரோடு, கோவை, திருப்பூர் வட்டாரத்து நூற்பாலைகளுக்கு 2022–23 மோசமான ஆண்டு. அதற்கு முந்தைய ஆண்டு பல ஆலைகளுக்கு அபாரமான ஆண்டு. இந்த இரண்டு ஆண்டறிக்கைகளின் தலைவர் கடிதங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால்தான், மோசமான ஆண்டில் மனம்விட்டுப் பேசுவதாகச் சொல்லும் ஒரு கடிதம் எவ்வளவு உண்மையானது என்று மதிப்பிட முடியும். நட்டத்தை ஒப்புக்கொள்வது மட்டும் நேர்மை ஆகிவிடாது. லாபத்துக்கும் நட்டத்துக்கும் ஒரே அளவுகோலால் காரணம் சொல்லப்பட்டிருக்கிறதா என்பதே கேள்வி. தலைவர் கடிதத்தைக் கட்டாயமாக்கும் சட்டம் எதுவும் இல்லை. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 134ஆம் பிரிவு இயக்குநர் குழுவின் அறிக்கையைத்தான் கேட்கிறது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனியிடம் செபி விதிகள் நிர்வாகத்தின் ஆய்வுரையைக் கேட்கின்றன. தலைவர் கடிதம் அவர் விருப்பப்பட்டு எழுதுவது. அதற்கென்று படிவம் இல்லாததால் உண்மையைச் சொல்ல அதில் நிறைய இடம் இருக்கிறது. மழுப்புவதற்கும் அதே அளவு இடம் இருக்கிறது.

அந்த இரண்டு ஆண்டுகளில் நடந்ததைச் சுருக்கமாகப் பார்ப்போம். 356 கிலோ கொண்ட ஒரு கேண்டி பஞ்சு 2021–22இன் தொடக்கத்தில் ஐம்பதாயிரம் ரூபாய்க்குள் இருந்தது. 2022 மே மாதம் ஒரு லட்சத்தைத் தாண்டியது. நூல் விலை தாங்காமல் திருப்பூரில் வேலைநிறுத்தம் நடந்ததும் அந்த மே மாதத்தில்தான். ஏப்ரலில் மத்திய அரசு இறக்குமதிப் பஞ்சின் மீதிருந்த 11 சதவீத வரியைத் தற்காலிகமாக நீக்கியிருந்தது. ஆனால் வெளிநாட்டுப் பஞ்சுக்கு ஆர்டர் போட்டால் கப்பலில் வந்து சேர மாதங்கள் ஆகும். உச்ச விலையில் ஆர்டர் போட்டவர்களுக்குச் சரக்கு வந்து இறங்கியபோது சந்தை சரிந்திருந்தது. 2023 மார்ச்சுக்குள் கேண்டி விலை அறுபதாயிரத்துச் சொச்சத்துக்கு வந்துவிட்டது.

இதை ஒரு கற்பனை ஆலையின் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். அந்த ஆலைக்கு மாதம் 500 கேண்டி தேவை. வழக்கமாக இரண்டு மாதத் தேவையான 1,000 கேண்டி கையிருப்பில் இருக்கும். விலை இன்னும் ஏறிவிடும் என்ற பயத்தில் நிர்வாகம் நான்கு மாதத் தேவைக்கு, அதாவது 2,000 கேண்டிக்கு, 95,000 ரூபாய் வீதம் வாங்கிப் போடுகிறது. பிறகு விலை 65,000க்கு இறங்குகிறது. நூல் விலையும் கூடவே இறங்கிவிட்டதாக எளிமையாக வைத்துக்கொண்டால், கேண்டிக்கு 30,000 வீதம் மொத்த இழப்பு 6 கோடி ரூபாய். இதில் 3 கோடி, வழக்கமான கையிருப்பு வைத்திருந்த எந்த ஆலைக்கும் வந்திருக்கும். அது சந்தையால் வந்தது. மீதி 3 கோடி, கூடுதலாக வாங்கலாம் என்று மேஜையைச் சுற்றி உட்கார்ந்து எடுத்த முடிவால் வந்தது. "பஞ்சு விலையின் வரலாறு காணாத ஏற்ற இறக்கத்தால் லாபம் பாதிக்கப்பட்டது" என்று எழுதும் கடிதம் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டாவது 3 கோடியை முதல் 3 கோடிக்குள் ஒளித்துவைக்கிறது.

இந்த ஒளிவைக் கணக்குப் புத்தகமே காட்டிக்கொடுக்காதா என்று கேட்கலாம். காட்டிக்கொடுக்காது, அதனால்தான் கடிதம் முக்கியமாகிறது. ஆண்டறிக்கையின் இருப்புநிலைக் குறிப்பு மார்ச் 31 அன்றைய கையிருப்பைத்தான் காட்டும். பஞ்சு உச்சத்தில் இருந்தது மே, ஜூன் மாதங்களில். அப்போது வாங்கிக் குவித்த பஞ்சு மார்ச்சுக்குள் நூலாகி விற்றுத் தீர்ந்திருக்கும். மார்ச் இறுதியில் கையில் இருக்கும் சரக்கின் மதிப்பு அடக்க விலைக்கும் கீழே போனால், அந்தக் குறைப்பைக் கணக்கில் எழுதி வெளியிட வேண்டும் என்பது கணக்கியல் விதி. இடையில் விற்றுத் தீர்ந்த சரக்கின் இழப்போ மூலப்பொருள் செலவு என்ற ஒரே வரியில் கரைந்துவிடும். மே மாதத்தில் எத்தனை மாதக் கையிருப்பு இருந்தது, சராசரி என்ன விலை என்ற இரண்டு எண்களைத் தலைவர் சொன்னாலொழிய, பங்குதாரரால் ஆண்டறிக்கையிலிருந்து அவற்றைக் கண்டுபிடிக்க முடியாது.

இப்போது முந்தைய ஆண்டுக்கு வருவோம். விலை ஏறிக்கொண்டிருந்த 2021–22இல் அதே ஆலை குறைந்த விலையில் வாங்கிய பஞ்சை நூற்று, ஏறிய விலையில் நூலை விற்றது. 1,000 கேண்டியின் மதிப்பு கேண்டிக்கு 40,000 ஏறினாலே 4 கோடி வரும். அந்த ஆண்டுக் கடிதம் அதைப் பஞ்சு விலை தந்த வரவு என்று பிரித்துச் சொல்லியிருந்தால், அடுத்த ஆண்டு சந்தையைக் குறை சொல்ல அதற்கு உரிமை உண்டு. நிர்வாகத் திறமை, இயந்திர நவீனமயம், தொழிலாளர் உழைப்பு என்று எழுதியிருந்தால் உரிமை இல்லை. லாபத்துக்குத் தன்னையும் நட்டத்துக்குச் சந்தையையும் காரணம் காட்டும் இந்தச் சாய்வு கொங்கு நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்கக் கம்பெனிகளின் 1972, 1974ஆம் ஆண்டுக் கடிதங்களை ஆராய்ந்து பெட்மன், வைட்ஸ் என்ற இருவர் 1983இல் எழுதிய கட்டுரையும், கெட்ட விளைவுகளுக்கே வெளிக்காரணங்கள் அதிகம் சொல்லப்படுகின்றன என்று காட்டியது.

வேறு மாதிரி எழுத முடியும் என்பதற்குத் துணித் தொழிலிலிருந்தே சான்று இருக்கிறது. வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்வே 1985இல் தன் நெசவாலையை மூடியது. அந்த ஆண்டுக் கடிதத்தில் அவர் வெளிநாட்டுப் போட்டியைக் காரணமாகச் சொன்னார், ஆனால் அதோடு நிறுத்தவில்லை. 1981இல் தலா 5,000 டாலர் கொடுத்து வாங்கிய தறிகளை 50 டாலருக்குக்கூடக் கேட்க ஆளில்லாமல் கடைசியில் தறிக்கு 26 டாலர் என்று பழைய இரும்புக்குப் போட்டதையும், அந்தப் பணம் தறிகளைக் கழற்றி அகற்றும் செலவுக்கே போதவில்லை என்பதையும் எழுதினார். ஒவ்வொரு புதிய இயந்திரமும் தனியாகப் பார்த்தால் லாபமாகத் தெரிந்தது, போட்டியாளர்களும் அதையே வாங்கியதால் லாபம் வாடிக்கையாளருக்குப் போய்விட்டது என்று தன் தவறான கணக்கின் உள்முடிச்சையும் அவிழ்த்துக் காட்டினார். எந்த முடிவு, என்ன விலையில், ஏன் சரியாகப்பட்டது, எங்கே பிசகியது என்பதெல்லாம் அதில் இருந்தன. நம் வட்டாரத்தில் தறியைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்தவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரியும்.

பஃபெட்டுக்கு வேறு தொழில்கள் கைகொடுத்தன, சின்ன ஆலைக்கு அந்த வசதி எங்கே என்ற மறுப்பு நியாயமானது. கடிதத்தைப் பார்த்து வங்கி வரம்பைக் குறைக்கும், பஞ்சு வியாபாரி கடனைச் சுருக்குவார் என்ற பயம் இங்கே நிஜமானது. ஆனால் நடைமுறைக் கடன் வாங்கும் ஆலை மாதாமாதம் வங்கிக்குக் கையிருப்புப் பட்டியல் கொடுக்கிறது. பஞ்சு வியாபாரிக்குத் தான் எந்த விலைக்கு எத்தனை கேண்டி அனுப்பினோம் என்று தெரியும். பணம் கொடுக்கும் இருவருக்கும் தெரிந்த விஷயம் இது. தெரியாதவர், நூறு பங்கு வைத்திருக்கும் சிறு பங்குதாரர்தான். குடும்பத்தின் கையிலேயே பெரும்பான்மைப் பங்கு இருக்கும் ஆலைகளில் அவருக்குக் கேள்வி கேட்கும் பலமும் குறைவு. நூல் வாங்குபவரைப் பற்றிய பயத்தில் மட்டும் ஓரளவு சாரம் இருக்கிறது. ஆலை எந்த விலையில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தால் அவர் பேரத்தை இறுக்குவார். அதற்கும் பதில் உண்டு. கடிதம் பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில் கைக்கு வருகிறது. சென்ற ஆண்டின் உச்ச விலைப் பஞ்சு அதற்குள் தீர்ந்துபோயிருக்கும். நடப்பு ஆண்டின் கையிருப்பைச் சொல்லாமல் கடந்ததைச் சொன்னால் பேரத்துக்குப் பாதகம் இல்லை.

மனம்விட்டு எழுதும் இந்த வழக்கத்தின் உண்மையான பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. தணிக்கையாளர் தலைவர் கடிதத்துக்குச் சான்று தருவதில்லை. அது நிதிநிலை அறிக்கையோடோ தணிக்கையில் தெரிந்துகொண்டதோடோ பெரிதாக முரண்படுகிறதா என்று படித்துப் பார்ப்பதே அவர் கடமை. ஆகவே "கொள்முதலில் இன்னும் கவனமாக இருந்திருக்கலாம்" என்ற வரியைச் செலவில்லாமல் எழுதிப் பாராட்டும் வாங்கலாம். எண் இல்லாத அந்த ஒப்புதல் மழுப்பலைவிட மோசமானது என்பேன். மழுப்பலைப் படித்தவர் சந்தேகப்படுவார், இதைப் படித்தவர் நம்பிவிடுவார். எந்தக் காரணம் எல்லா ஆலைக்கும் பொது, எது நம்முடையது என்று கடிதம் பிரித்திருக்கிறதா என்று பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். 2022 செப்டம்பரில் தமிழக உயரழுத்த மின் இணைப்புகளுக்கான கேட்புக் கட்டணம் கிலோவோல்ட் ஆம்பியருக்கு 350லிருந்து 550 ரூபாய் ஆனது. அதே வகை இணைப்பு வைத்திருந்த ஆலைகள் எல்லாவற்றுக்கும் அது பொதுச் சுமை. இரண்டு மாதக் கையிருப்பை நான்கு மாதமாக்கியது அப்படியல்ல. இரண்டையும் ஒரே பத்தியில், ஒரே தொனியில் "சவால்கள்" என்று அடுக்கும் கடிதத்தில் எத்தனை வருத்தச் சொற்கள் இருந்தாலும், அடுத்த முறை பஞ்சு ஒரு லட்சத்தைத் தொடும்போது அந்த நிர்வாகம் எத்தனை மாதத்துக்கு வாங்கும் என்பதைப் பங்குதாரர் அதிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது.