லிஃப்டுக்கு உரிமம் உண்டு, மெக்கானிக்குக்கு?

கடத்தூரில் பத்தாம் வகுப்பு முடித்த ஒருவர் லிஃப்ட் மெக்கானிக் ஆக நினைத்தால், படிப்பதற்கு ஐடிஐ வழி இருக்கிறது. ‘லிஃப்ட் அண்ட் எஸ்கலேட்டர் மெக்கானிக்’ என்ற இரண்டாண்டுப் பிரிவு மத்திய அரசின் பாடத்திட்டத்திலேயே உண்டு. ஆனால் எல்லா ஐடிஐயிலும் அது கிடைக்காது. எலக்ட்ரீசியனோ ஃபிட்டரோ படித்துவிட்டு, ஓசூரிலோ பெங்களூரிலோ ஒரு லிஃப்ட் கம்பெனியில் சேர்ந்து தொழில் பழகுகிறவர்களும் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகும் இளைஞரின் நிலையும் ஏறக்குறைய இதுதான். அவர்கள் செய்த வேலையை யார், எதை வைத்துச் சரிபார்க்கிறார்கள் என்பதில்தான் இரு நாடுகளும் பிரிகின்றன.

தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டின் லிஃப்ட் சட்டம் நடைமுறையில் உள்ளது. லிஃப்டை நிறுவும் முன் அனுமதி வாங்க வேண்டும். நிறுவி முடித்ததும் மின் ஆய்வுத் துறையினர் வந்து பார்த்து, இயக்குவதற்கு உரிமம் தருவார்கள். உரிமம் கட்டடத்துக்காரர் பெயரில் இருக்கும். இலங்கையில் இந்தப் பொறுப்பு 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின் வழியே தொழில் திணைக்களத்திடம் வருகிறது. தொழிற்சாலை லிஃப்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதியுள்ளவர் முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும் என்பது 1937ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டத்திலிருந்து வந்த விதி. இந்தியாவும் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 28ஆம் பிரிவில் அதையே எழுதிக்கொண்டது. ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்பு தொழிற்சாலை ஆகாது. தமிழ்நாட்டின் தனிச் சட்டம் குடியிருப்பையும் தொடுகிறது. இலங்கைச் சட்டத்தின் கை அங்கே எட்டாது.

பரிசோதனை என்பது என்ன என்பதை ஒரே ஒரு பாகத்தை வைத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு மாடிக் கதவிலும் ஒரு பூட்டும் ஒரு மின்தொடர்பும் இருக்கும். எல்லாக் கதவுகளின் தொடர்புகளும் ஒரே வரிசையில் இணைந்திருப்பதால், ஒரு கதவு திறந்திருந்தாலும் லிஃப்ட் நகராது. நாலாம் மாடித் தொடர்பில் தூசி படிந்து லிஃப்ட் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க, மெக்கானிக் ஒரு துண்டு வயரால் அந்தத் தொடர்பைத் தாண்டி இணைத்துப் பார்ப்பார். அவசரத்தில் வயரை எடுக்க மறந்துவிட்டால், லிஃப்ட் பழுதின்றி ஓடுவதாகவே தெரியும். ஆனால் நாலாம் மாடிக் கதவு திறந்திருக்கும்போதே அது நகர்ந்துவிடும். திறந்த கதவுக்குப் பின்னால் கூண்டு இருப்பதாக எண்ணிக் காலை வைப்பவர் குழிக்குள் விழுவார்.

உரிமத் தாளைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. பரிசோதகர் கூண்டின் மேலே ஏறி, ஆய்வு இயக்கத்தில் மெதுவாகச் செல்ல வேண்டும். ஒவ்வொரு மாடியிலும் கதவைச் சற்றே விலக்கி, லிஃப்டை நகர்த்தச் சொல்லிப் பார்க்க வேண்டும். நகர்ந்தால் எங்கோ வயர் குறுக்கே கிடக்கிறது. பூட்டு நாக்கு குறைந்தது 7 மில்லிமீட்டர் உள்ளே பொருந்திய பிறகே மின்தொடர்பு சேர வேண்டும். அதையும் அளந்து பார்க்க வேண்டும். கீழே நின்று பொத்தானை அழுத்தி, மேலும் கீழும் ஒருமுறை போய் வந்து கையெழுத்திடுபவருக்கு இவற்றில் எதுவும் தெரியவராது.

அந்த வயரைப் போட்டவரும் எடுக்க வேண்டியவரும் மெக்கானிக்தான். அவர் உருவாகும் வழியில்தான் ஓட்டை இருக்கிறது. இந்தியாவில் 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் பழகுநர்களைச் சேர்த்தே ஆக வேண்டும். பயிற்சி முடித்துத் தேர்வில் வென்றால் தேசியச் சான்றிதழ் கிடைக்கும். ஆனால் பழைய லிஃப்டுகளைப் பராமரிக்கும் சிறு கம்பெனிகளில் ஆள் எண்ணிக்கை அந்த வரம்பைத் தொடாவிட்டால், சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்தாது. அங்கே பையன் ஒரு சீனியரின் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு போய்க் கற்கிறான். சீனியரின் குறுக்குவழிகளும் சேர்ந்தே வருகின்றன.

இலங்கையில் தொழிற்பயிற்சியை நைட்டா என்ற அதிகாரசபை நடத்துகிறது. அதன் வேர் 1971ஆம் ஆண்டின் தொழில் பயிலுநர் சட்டம். பல ஆண்டுகள் வேலை செய்தே கற்றவரையும் செய்முறையில் சோதித்து, தேசியத் தொழில் தகைமை வழங்கும் வழி அங்கே அமைப்புக்குள்ளேயே இருக்கிறது. பையைத் தூக்கிப் பழகிய நம் பையன்களுக்குத் தேவைப்படுவது இந்த வாசல்தான்.

தமிழ்நாட்டிடம் இலங்கை கற்க வேண்டியது, குடியிருப்பு லிஃப்டையும் ஆய்வுக்குள் கொண்டுவருவதை. இலங்கையிடம் நாம் கற்க வேண்டியது, கையின் திறனைச் சோதித்து எழுத்தில் தருவதை. அதுவரை குடியிருப்போர் சங்கம் செய்யக்கூடிய ஒன்று உண்டு: பராமரிப்புப் பதிவேட்டில் கம்பெனி முத்திரையோடு நிறுத்தாமல், அன்று வந்த மெக்கானிக்கின் பெயரையும் சான்றிதழ் எண்ணையும், கதவுத் தொடர்புகளை ஒவ்வொன்றாகச் சோதித்தாரா என்பதையும் எழுதி வாங்குவது.