கூற்றுரிமை பெற்ற ஊர்

அகப்பொருட் செய்யுட்களில் கூற்று நிகழ்த்துதற்கு உரியார் இன்னின்னார் எனத் தொல்காப்பியர் செய்யுளியலில் வரையறுத்துள்ளார். அவ்வரையறையுள் ஊரார்க்கும் அயலார்க்கும் சேரியோர்க்கும் நேர்க்கூற்று இல்லை. அவர்கள் மொழிந்தனவற்றைப் பிறர் எடுத்துக்கூறக் கேட்கலாமேயன்றி, அவர்களே முன்னின்று பேசக் கேட்டல் இயலாது. உடன்போக்கின்கண் இடைச்சுரத்துக் கண்டோர் பேசுவர் எனினும், அவர்கள் வழியில் எதிர்ப்பட்டவரேயாவர். அயல்மனையில் இருந்து நாள்தோறும் நோக்கும் ஊரார் அல்லர். ஆகவே, அம்பலும் அலரும் அகப்பாட்டினுள் எத்துணை வலிமை உடையனவாயினும், அவற்றை நாம் தலைவி வாயிலாகவோ தோழி வாயிலாகவோதான் அறிகின்றோம். தூற்றுவோர் குரல் நம் செவிக்கு எட்டுவதில்லை. தூற்றப்பட்டோர் குரலே எட்டுகின்றது.

இம்முறை தலைகீழாக மாறுமாயின் என்னாகும்? ஊர் மட்டுமே பேச, குடும்பத்தார் நிலையை ஊரார் வாய்மொழி கொண்டே உணர வேண்டியிருப்பின், அக்கூற்று யாரைக் காட்டும்? இவ்வினாவிற்கு விடைகாண ஏற்றதொரு சிறுகதை அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் ஃபாக்னர் 1930-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘எமிலிக்கு ஒரு ரோஜா’ என்பதாகும். மிசிசிப்பி மாநிலத்தில் ஜெஃபர்சன் எனத் தாம் புனைந்துகொண்ட சிற்றூரினை அவர் அக்கதைக்குக் களமாக்கியுள்ளார். கதை முழுவதையும் கூறுவோர் பெயரில்லாத ஊரார். தனியொருவர் ‘நான்’ எனத் தம்மைச் சுட்டிக்கொள்ளும் இடம் ஒன்றேனும் அதனுள் இல்லை.

கதை நிகழ்ச்சிகளை அவை நிகழ்ந்த முறையில் முதற்கண் அறிதல் நலம். கிரியர்சன் குடும்பம் பழம்பெருமை உடையது. தந்தையார் தம் மகள் எமிலியை மணக்க வந்த இளைஞரையெல்லாம் துரத்திவிட்டார். அவர் இறந்தபின் எமிலி தனித்தவளானாள், வீடொன்றே எஞ்சியது. நகரத் தலைவராயிருந்த கர்னல் சார்ட்டோரிஸ் 1894-இல் அவளுக்கு வரிவிலக்கு அளித்தார். நடைபாதைக்குக் கல் பாவ வந்த வடநாட்டு மேற்பார்வையாளனாகிய ஹோமர் பாரன் என்பானோடு அவள் வண்டியில் உலாவத் தொடங்கினாள். ஊரார் அலர் தூற்றினர், சமயகுருவை அனுப்பினர், அலபாமாவிலிருந்து உறவினப் பெண்டிர் இருவரை வருவித்தனர். அப்பெண்டிர் தங்கியிருந்த நாளில் அவள் மருந்துக் கடையில் ஆர்சனிக் என்னும் பாடாணம் வாங்கினாள். அவர்கள் சென்றபின் பாரன் ஒருநாள் அந்திப்பொழுதில் அடுக்களை வாயில் வழியே உள்ளே சென்றதை அயலார் ஒருவர் கண்டார். அதன்பின் அவனை எவரும் கண்டிலர். சிறிது காலத்தில் அவ்வீட்டிலிருந்து தீநாற்றம் எழுந்தது. பல்லாண்டுகள் கழித்து எமிலி எழுபத்து நான்கு வயதில் இறந்தபின், மேல்மாடியில் நாற்பது ஆண்டுகளாக எவரும் காணாத அறையை உடைத்துத் திறந்தபோது, கட்டிலில் பாரனின் உடல் கிடக்கக் கண்டனர்.

இனி, கூற்று நிகழ்த்துவோரின் சொல்லை ஆராய்வோம். ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்குச் சொல் ஒன்றே. கேட்போனை உளப்படுத்துவதாகிய ‘நாம்’ என்பதற்கும், விலக்குவதாகிய ‘நாங்கள்’ என்பதற்கும் அம்மொழியில் வேறுபாடு இல்லை. தமிழில் இக்கதையைப் பெயர்ப்போர் இரண்டனுள் ஒன்றைத் தெரிந்தே ஆகவேண்டும். ‘நாங்கள்’ என்பதே பொருந்தும் என யாம் கருதுகின்றோம். ‘நாம்’ எனின் படிப்போரும் அவ்வூராராகிவிடுவர். ஊரார் செய்கைக்கு உடம்பட்டோரும் ஆவர். ‘நாங்கள்’ எனின் ஊரார் தம் செய்கையை வெளியார் ஒருவர்முன் வைத்துப் பேசுவதாக அமையும். அப்பேச்சு வாக்குமூலத்தின் தன்மையைப் பெறும். அதனை ஏற்பதும் மறுப்பதும் படிப்போர் கையில் நிற்கும்.

இவ்விரண்டின் வேறாக மூன்றாவது சொல்லொன்றும் கதையில் இடைவிடாது வந்து குறுக்கிடுகின்றது. அதுவே ‘அவர்கள்’ என்பது. ஊரார் தம்மையே படர்க்கையில் வைத்துப் பேசும் இடங்கள் பலவாகும். தந்தை இறந்தபோது, அவர் இறக்கவில்லை என எமிலி மூன்று நாள் மறுத்துரைத்தாள். சட்டத்தையும் வன்மையையும் நாடவிருந்தவரும், அவள் மனமுடைந்தபின் உடலை விரைந்து புதைத்தவரும் ‘அவர்கள்’. அடுத்த தொடரிலேயே, அவள் பித்துற்றாள் என அப்பொழுது கருதாதவரும், துரத்தப்பட்ட இளைஞரை நினைந்து இரங்கியவரும் ‘நாங்கள்’ ஆகின்றனர். தீநாற்றம் எழுந்தபோதும் இவ்வாறே. நள்ளிரவு கடந்தபின் நால்வர் திருடர்போல் அவ்வீட்டைச் சுற்றிவந்து, நிலவறைக் கதவை உடைத்துச் சுண்ணாம்பு தூவுகின்றனர். அவர்கள் ‘அவர்கள்’. அக்குடும்பத்தைத் தந்தையும் மகளுமாக ஓவியம்போல் மனத்தில் வைத்துப் பார்த்திருந்தவரோ ‘நாங்கள்’.

இதனால் பெறப்படுவது யாது? இரங்கல், வியத்தல், உய்த்துணர்தல், காத்திருத்தல் ஆகியவற்றை ஊரார் தம்முடையவாகக் கொள்கின்றனர். கதவை உடைத்தல், வற்புறுத்தல் முதலிய வினைகளைப் பிறர்மேல் ஏற்றுகின்றனர். உணர்ச்சி பொதுவுடைமை, செயல் சிலருக்கே உரியது. அலர் தூற்றும் ஊரின் இயல்பு இதுவேயாம். அவள் பாடாணம் வாங்கியதை அறிந்தபோது, அவள் தன்னைத்தான் மாய்த்துக்கொள்வாள் என்றும், அதுவே தக்கது என்றும் ‘நாங்கள்’ கூறிக்கொள்கின்றனர். கூறிக்கொண்டனரேயன்றி, ஒருவரும் சென்று தடுத்திலர். கொடுமையான இக்கருத்து பொதுவினதாகையால், அதற்கு எவரும் தனித்துப் பொறுப்பாளராகவில்லை.

இவ்விதிக்கு விலக்கு இல்லாமலில்லை. புதிய தலைமுறையினர் வரிச்சீட்டு அனுப்பிய செய்தி கதையின் தொடக்கத்தில் ‘அவர்கள்’ செயலாகவும், பின்னர் ஆண்டுதோறும் திசம்பரில் ‘நாங்கள்’ செய்ததாகவும் கூறப்படுகின்றது. ஆயின் இவ்விலக்கும் நம் கருத்திற்கு மாறுபடுவதன்று. அஞ்சலில் அனுப்பப்பட்டு, பெறுவாரின்றித் திரும்பும் சீட்டு தொலைவில் நின்றே செய்யும் வினை. வாயிலைத் தாண்ட வேண்டாத வினையாயின் ஊரார் அதனைத் தமதெனக் கூசாது கூறுவர்.

அடுத்து நோக்கத்தக்கது, ஊரார் செய்திகளைக் கூறும் வைப்புமுறை. கதை ஐந்து பகுதிகளை உடையது. தீநாற்றம் இரண்டாம் பகுதியிலும், பாடாணம் வாங்கியமை மூன்றாம் பகுதியிலும், பாரன் மறைந்தமை நான்காம் பகுதியிலும் வருகின்றன. நிகழ்ந்த முறையோ பாடாணம், மறைவு, நாற்றம் என்பதாகும். மூன்றனையும் முறைப்படி அடுக்கினால் சிறுவனும் உண்மையை உணர்வான். ஊரார் அவற்றைப் பிரித்து வைத்தமையால், படிப்போர் இறுதிவரை உணராது செல்கின்றனர்.

இது கதையாசிரியர் மறைபொருட் சுவை கருதிச் செய்த உத்தி மட்டுமே எனக் கூறுவாரும் உளர். யாம் அவ்வாறு கருதவில்லை. ஊரார் அவற்றை வாழ்க்கையிலும் அவ்வாறே பிரித்து வைத்திருந்தனர் என்பதே கதையின் உட்பொருள். மருந்துக் கடைக்காரர் எதற்கென வினவியபோது எமிலி விடை கூறாது உற்றுநோக்கினாள். அவர் தாமே எலிக்கென எழுதிக் கொடுத்தார். நாற்றம்பற்றி அயலார் முறையிட்டபோது, எண்பது வயதினராகிய நகரத் தலைவர் நீதிபதி ஸ்டீவன்ஸ், உயர்குடிப் பெண் ஒருத்தியின் முகத்துக்கு நேரே இதனை எவ்வாறு கூறுவது எனக் கடிந்தார். பாடாணம் ஒருவர் அறிந்தது, நாற்றம் மற்றொருவர் அறிந்தது என விட்டுவிடவும் இயலாது, மூன்றும் ஊரறிந்தவை. அவற்றை இணைத்துக் காணாமைக்குக் காரணம் அறியாமையன்று. அக்குடிமேல் வைத்த மதிப்பும் அவள்மேல் கொண்ட இரக்கமுமே ஆகும். இரக்கம் என்பது அருகிற் சென்று காணாமைக்கு ஒரு போர்வையாகவும் அமையக்கூடும் என்பதை இக்கதை காட்டுகின்றது.

இன்னும் ஒன்று. ‘நாங்கள்’ என்னும் சொல் ஊர் முழுவதையும் தழுவியதன்று. எமிலியின் வீட்டில் டோப் என்னும் கறுப்பின ஏவலாள் ஒருவன் இருந்தான். கடைக்குச் சென்று வந்தவனும் சமைத்தவனும் அவனே. ஊரார் நாற்பது ஆண்டு உய்த்துணர முயன்றதனை உடனிருந்து அறிந்திருக்கக்கூடியவன் அவன் ஒருவனே. ஆயினும் அவனது அறிவு ஊரறிவாகவில்லை. வெள்ளையரையன்றி எவரையும் அப்பன்மை உளப்படுத்தவில்லை. எமிலி இறந்தபின் முன்வாயிலைத் திறந்து பெண்டிரை உள்ளே விட்ட அவன், வீட்டினூடே நடந்து பின்வாயில் வழியே வெளியேறினான். மீண்டும் அவனை எவரும் கண்டிலர். உண்மை அறிந்தவன் பேசாது போக, அறியாதவரே பேசி நிற்கின்றனர்.

தொல்காப்பியர் விதியொடு இதனை ஒப்பிட்டால் ஒரு தெளிவு பிறக்கின்றது. அகப்பாட்டில் அலர் களவினை வரைவு நோக்கிச் செலுத்தும் ஆற்றலாகப் பயன்படுகின்றது. தலைவி நெஞ்சில் அது எவ்வாறு தைத்தது என்பதே அங்குப் பாடுபொருள். ஊராரின் உள்ளம் அதற்கு வேண்டப்படுவதன்று. ஆதலின் அவர்க்குக் கூற்றும் வேண்டப்படுவதன்று. ஃபாக்னரின் கதையிலோ எமிலியின் நெஞ்சு நமக்கு இறுதிவரை மூடிய அறையே. பேசப் பேச ஊராரின் உள்ளமே வெளிப்படுகின்றது. கூற்றுரிமை பெற்றமையால் ஊர் உயர்வு பெறவில்லை, தன்னைத்தான் காட்டிக்கொடுத்தது.

கதையின் முடிவு இதற்குச் சான்று பகரும். அறையைத் திறக்கும்வரை ‘அவர்கள்’ எனப்பட்டோர், திறந்தபின் ‘நாங்கள்’ ஆகி நெடுநேரம் நிற்கின்றனர். இரண்டாம் தலையணையில் தலை பதிந்த பள்ளத்தைக் காண்கின்றனர். அப்பொழுது அவருள் ஒருவர் குனிந்து அதனின்று ஒன்றை எடுக்கின்றார். அது நரைத்த நீண்ட மயிரிழை. தொலைவில் நின்றே நோக்கிய ஊரார் எமிலியின் வாழ்க்கையைத் தம் கையால் தொட்டது அவ்வொரு முறையே. அப்பொழுது அவள் மண்ணுள் இருந்தாள்.